பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவுல அம்மா எதுக்கு?

ஊர்க்குருவி: வெளிநாட்டுல வளர்ற பிள்ளைங்களுக்கு நம்ம மொழி வரலன்னு எதுக்கு இவ்ளோ புலம்பல்? வீடியோ கால்ல அம்மாவோ அப்பாவோ பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னா போதும், பாட்டி தாத்தாவோட நெருக்கம் தானா வந்துடும்.

பழைய வாத்தியார்: தானா வருமாம்ல! பாட்டி பேசி முடிச்சதும் பையன் கண்ணு எங்க போகுதுன்னு பாத்திருக்கீங்களா? நேரா அம்மா மூஞ்சிக்குத்தான் போகும், என்ன சொன்னாங்கன்னு. அவன் திரும்புறதுக்குள்ள பாட்டி சிரிச்சு முடிச்சிருப்பாங்க. கொஞ்ச நாள்ல பாட்டியும் அவன விட்டுட்டு மகள்கிட்டயே "தூங்கினானா, ஸ்கூல் போனானா"ன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, பையன் நைசா எழுந்து போயிடுவான்.

ஊர்க்குருவி: அப்போ அம்மா எழுந்து போயிட்டா ரெண்டு பேரும் ஊமையா உக்காந்துட்டு இருக்கணுமா?

பழைய வாத்தியார்: பேச்ச நம்பி உக்காராதீங்கன்னுதான் சொல்றேன். என் பேத்திக்கு ஆறு வயசு, எனக்கு அவ மொழி சரியா வராது. ரெண்டு பக்கமும் ஃபோன மூஞ்சிக்கு நேரா வைக்காம, புத்தக அடுக்குல சாய்ச்சு மேஜைப் பேப்பர் தெரியற மாதிரி வைப்போம். நான் வால் இல்லாம பூனை வரைவேன், வேணும்னே. அவ கத்துவா, தன் பேப்பர்ல வால வரைஞ்சு கேமராகிட்ட கொண்டு வந்து ஆட்டுவா. நான் அந்த வால கொண்டுபோய் பூனை தலைல ஒட்டுவேன். இதுல எந்த இடத்துல அம்மா மொழிபெயர்க்கணும்? அவ அம்மா பக்கத்து ரூம்ல இருப்பா, கூப்பிட்டாதான் வருவா. வந்தாலும் பிள்ளைக்குப் பின்னாடி நின்னு "நான் ஒளிச்சு வச்சிருக்கேன்"னு நான் சொன்ன மாதிரியே சொல்லணும், "தாத்தா ஒளிச்சு வச்சிருக்காராம்"னு சொன்னா பேச்சு அம்மாவோடதாயிடும். பத்து நிமிஷம் தாண்ட மாட்டோம், பேத்தி சலிக்கிறதுக்கு முன்னாடியே ஃபோன வச்சுடுவேன்.

எதிர்நீச்சல்: சின்னப் பிள்ளைங்களுக்கு ஸ்க்ரீனே கூடாதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க, இவர் மணிக்கணக்கா கேமரா முன்னாடி உக்கார வைக்கச் சொல்றாரு.

பழைய வாத்தியார்: பத்து நிமிஷம்னு எழுதிருக்கேன், படிங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-ல, 18 மாசத்துக்குக் கீழ ஸ்க்ரீன் வேணாம்னு சொன்னப்பவே வீடியோ கால மட்டும் விட்டு வச்சாங்க. எதிர்ல இருக்கிறவங்க பிள்ளை செய்யறதுக்கு உடனே பதில் செய்றாங்க, பதிவு பண்ண வீடியோ அது செய்யாது.

எதிர்நீச்சல்: நீங்க போன மாச திரிலயும் இப்படித்தான் வருஷத்தச் சொல்லி வாயடைச்சீங்க.

மழைக்காகம்: எங்க அம்மாவுக்கு என் பொண்ணு பேசுறது ஒண்ணும் புரியல, எந்த டேப்லெட் வாங்கலாம்? பெரிய ஸ்க்ரீனா இருந்தா நல்லதா?

பழைய வாத்தியார்: டேப்லெட்ட விடுங்க, காத செக் பண்ணீங்களா? வயசானா பெரும்பாலும் மேல் ஸ்தாயி சத்தம்தான் முதல்ல போகும், குழந்தை குரலும் ச, ஃப மாதிரி எழுத்துங்களும் அதுலதான் அடிபடும். மொழி புரியலன்னு நீங்க நினைக்கறதுல பாதி காது கேக்காததா இருக்கலாம். உங்க குரல் கேட்டு பொண்ணு குரல் கேக்கலன்னா அதான் அடையாளம். ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க, சரியாகலன்னா காது டாக்டர்.

மழைக்காகம்: எங்க அம்மாவுக்கு காது நல்லாதான் இருக்கு. டேப்லெட் கேட்டேன்.

தேன்சிட்டு: எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க, பிள்ளைக்கு மொழி சொல்லிக் குடுங்க, முடிஞ்சுது. என் பையன் வேற மொழில பதில் சொன்னா எங்க மாமியார் "நம்ம மொழில சொல்லு"ன்னு விட மாட்டாங்க.

பழைய வாத்தியார்: அவன் இப்போ வீடியோ கால எடுக்கறானா?

தேன்சிட்டு: ...ஹோம்வொர்க் அதிகம்.

பழைய வாத்தியார்: ஆமா ஆமா, ஹோம்வொர்க். அவன் எந்த மொழில சொன்னாலும் வாங்கிக்கிட்டு, பாட்டி தன் மொழிலயே சொல்லிட்டு ஆட்டத்த தொடரணும். காதுல விழறது விழும். வீடியோ கால பரீட்சையாக்கினா மொழியும் வராது, பையனும் வர மாட்டான்.

ஊர்க்குருவி: சரி, பூனைக்கு வால் வரையறது ஆறு வயசுக்கு. பன்னெண்டு வயசுல தாத்தாவுக்கு ஆபரேஷன்னா அதையும் வரைஞ்சு காட்டுவீங்களா? அப்போ நடுவுல ஆள் வேணும்ல?

பழைய வாத்தியார்: அதுக்கு ஆள் கூப்பிடலாம், தினமும் நடுவுல உக்கார வேணாம்னுதான் சொன்னேன்.

ஊர்க்குருவி: அப்போ மொழிபெயர்ப்பு வேணும்! நான் மொதல்லயே சொன்னேன்!

பழைய வாத்தியார்: நீங்க சொன்னது "போதும்"னு. மேல போய் பாருங்க.

எதிர்நீச்சல்: சாருக்கு ரிட்டயர் ஆனாலும் பிரம்பு கைய விட்டுப் போகல.

மழைக்காகம்: யாராவது டேப்லெட் சொல்லுங்கப்பா.