அம்மாவின் சாப்பாடும் வயிறும்: புது சிஸ்டருக்கு ஒரு கடிதம்

கௌரி: திங்கட்கிழமை புது ஹோம் நர்ஸ் வருகிறார். வாயால் சொன்னால் பாதிதான் நிற்கும், எழுதியே கொடுத்துவிடலாம். முதல் பாதியைப் போடுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கௌரி: "சிஸ்டர், வணக்கம். அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து முகம், கை, கால் எல்லாம் இடது பக்கம் பலவீனம். வாயால்தான் சாப்பிடுகிறார். ஆனால் தண்ணீர் போல ஓடும் எதைக் கொடுத்தாலும் புரையேறும். எதுவும் கெட்டியாக, கட்டி இல்லாமல், ஒரே பதமாக இருக்க வேண்டும். பருப்போடு குழைய மசித்த சாதம், ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம் கொடுக்கலாம். ரசம் சாதம் கூடாது."

ராஜாமணி சித்தப்பா: ரசம் சாதம் ஏன் கூடாது? அண்ணிக்கு அதுதான் உயிர். உடம்பு சரியில்லாதவர்களுக்கு ரசம்தானே கொடுப்போம்?

மீனா: மாமா, சோறு வாயில் நிற்கும், ரசம் முன்னாலேயே தொண்டைக்கு ஓடிவிடும். அத்தை விழுங்கத் தயாராவதற்குள் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியும் தண்ணியும் கலந்ததுதான் அவர்களுக்கு எல்லாவற்றையும் விட ஆபத்து. ருசிக்கு வேண்டுமென்றால் ரசத்தைச் சாதத்தோடு சேர்த்து மிக்ஸியில் நன்றாக அடித்து, ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் கொடுக்கலாம்.

வசந்தா அத்தை: எங்கள் மாமியாருக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிஞ்சில் ஊற்றிவிட்டுக் கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் ட்யூப் அடைத்துக்கொள்ளும். அதையும் எழுது கௌரி.

கௌரி: அத்தை, அம்மாவுக்கு மூக்கு ட்யூப் இப்போது இல்லை. ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டார்கள். இது வாயால் ஊட்டுவதற்கு.

வசந்தா அத்தை: ஓ, சரி சரி. நான் ட்யூப் என்று நினைத்துவிட்டேன்.

மீனா: கௌரி அக்கா, என்ன கொடுக்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். இப்படிச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "படுக்கையில் சாய்ந்தபடி ஊட்ட வேண்டாம். நாற்காலியில் நேராக உட்கார வைத்து, இடது பக்கம் சரியாமல் தலையணை கொடுங்கள். மோவாய் சற்றே கீழே இருக்கட்டும். டீஸ்பூனில் பாதி எடுத்து வலது பக்க வாயில் வையுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இடது கன்னத்துக்குள் சோறு தேங்கும், அம்மாவுக்கே அது தெரியாது. முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், துடைத்து விடுங்கள். அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்."

செந்தில்: இருமினால் நிறுத்த வேண்டும் என்றும் போடலாமா?

மீனா: போடலாம். ஆனால் இருமல் வரும் என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்கு உள்ளே போனாலும் இருமலே வராது. விழுங்கிய பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது போல களகளவென்று குரல் வந்தால் அன்றைக்கு அந்த வேளை அதோடு போதும். அப்புறம் காய்ச்சலோ மூச்சிரைப்போ வருகிறதா என்று இரண்டு நாள் கவனிக்க வேண்டும்.

கௌரி: சரி, எழுதிக்கொண்டேன். இப்போது மலம் கழிக்கிற பகுதி: "காலைச் சாப்பாடு முடிந்து 20 நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும், கமோட் நாற்காலியில் உட்கார வையுங்கள். காலுக்குக் கீழே சின்ன முக்காலி போட்டு முட்டி இடுப்பை விடச் சற்று உயரமாக இருக்கட்டும், உடம்பு கொஞ்சம் முன்னால் சாயட்டும். கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள், தனியாக விட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் முக்க விட வேண்டாம். இரவில் லாக்டுலோஸ் சிரப் 15 மில்லி."

செந்தில்: நேரத்தை ஏன் காலைச் சாப்பாட்டோடு கட்ட வேண்டும்? அம்மா எப்போது கேட்கிறார்களோ அப்போது கூட்டிப் போகலாமே?

மீனா: வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசைய ஆரம்பிக்கும், காலையில் அது நன்றாகவே இருக்கும். அந்த நேரத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேட்டால் எப்போதும் கூட்டிப் போகலாம், ஆனால் அத்தை கேட்பதே இல்லையே.

ராஜாமணி சித்தப்பா: சிரப் எதற்கு? நார்ச்சத்து போதாததுதான் காரணம். நான் தினமும் இசப்கோல் சாப்பிடுகிறேன், கடிகாரம் மாதிரி போகிறது.

மீனா: நார்ச்சத்து சொன்னது சரிதான் மாமா. ஆனால் இசப்கோலோடு ஒரு டம்ளர் தண்ணீர் மடமடவென்று குடிக்க வேண்டும். அத்தையால் அது முடியாது. தொண்டையிலேயே பசையாகி அடைத்துவிடும். தண்ணீர் போதாமல் குடலுக்குள் போனாலும் அங்கேயும் கட்டும். விளக்கெண்ணெயும் வேண்டாம், அதைச் சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும்.

ராஜாமணி சித்தப்பா: 😄 சொல்லவில்லை அம்மா.

செந்தில்: இங்கே மஸ்கட்டில் தண்ணீரில் கலந்து குடிக்கும் பவுடர் கொடுக்கிறார்கள், பாலிஎதிலீன் கிளைகால். நான் வாங்கி அனுப்பவா?

மீனா: நல்ல மருந்துதான் அண்ணா, ஆனால் அத்தையின் தண்ணீரைக் கெட்டியாக்கக் கலக்குகிற பவுடர் மாவுச்சத்து வகை. இதைப் போட்டால் அது நீர்த்துவிடும். கெட்டியாக இருக்கிறது என்று நம்பி ஊட்டினால் தண்ணீராகத்தான் போகும். லாக்டுலோஸ் போதும். அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதனால் ஒரு நாள் போகவில்லை என்று அளவைக் கூட்டக் கூடாது.

கௌரி: மூன்றாம் நாளும் போகவில்லையென்றால் என்ன எழுதுவது? முன்பு இருந்த சிஸ்டர் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது, பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தார். கடைசியில் உள்ளே கல் மாதிரி அடைத்திருந்தது. டாக்டர் வந்து விரலால் எடுக்க வேண்டியதாயிற்று.

மீனா: அதை அப்படியே எழுதுங்கள் அக்கா. "மூன்று நாள் சரியாகப் போகாமல், பிறகு தண்ணீராக அடிக்கடி கசிந்தால் அது பேதி அல்ல என்றே முதலில் நினையுங்கள். உள்ளே அடைத்த மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் நீர் அது. பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். கசிவு இல்லாமல் மூன்று நாள் ஆனால், அன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிசாகோடில் சப்போசிட்டரி ஒன்று. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குடல் சுவரில் படும்படி வையுங்கள். மலத்துக்குள் குத்தினால் வேலை செய்யாது. அரை மணி நேரம் முன்பின் ஆகும், கமோட்டைத் தயாராக வையுங்கள்." டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததுதான் இது.

செந்தில்: வயிறு உப்பி வாந்தியும் வந்தால்?

மீனா: வாயாலும் ஆசனவாயாலும் எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

வசந்தா அத்தை: அண்ணிக்கு மலம் கறுப்பாகப் போகிறது என்று அன்றைக்குக் கௌரி சொன்னாளே. என் மாமியாருக்கு அப்படித்தான் ரத்தம் போனது.

மீனா: அது அவசியம் கேட்க வேண்டிய கேள்வி அத்தை. இரும்புச் சத்து மாத்திரையால் கறுப்பாகப் போகும், அது பரவாயில்லை. தார் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு நாற்றம் தாங்க முடியாமல் இருந்தால் அது வேறு. அத்தை ஆஸ்பிரின் சாப்பிடுவதால் அப்படி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று சிஸ்டருக்கு எழுதுங்கள். மலச்சிக்கலுக்கு அந்த இரும்பு மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள், நாமே நிறுத்த வேண்டாம்.

கௌரி: சரி. ஒரு நோட்டில் தேதி, நேரம், கொட்டையாகவா மிருதுவாகவா தண்ணீராகவா என்று எழுதச் சொல்கிறேன். கெட்டியாக்கிய தண்ணீர் எத்தனை டம்ளர் இறங்கியது என்பதும். டாக்டர் அளவுக் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லை, சிறுநீர் அடிக்கடி போகிறது என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம் என்றும் போடுகிறேன்.

செந்தில்: காபி? அம்மா காலையில் காபி இல்லாமல் எழுந்திருக்கவே மாட்டார்களே.

மீனா: கெட்டியாக்கிக் கொடுக்கலாம்.

கௌரி: கொடுத்துப் பார்த்தேன், "இது காபியா, கூழா" என்று தள்ளிவிட்டார்கள். சூடாக நாலு ஸ்பூன் தண்ணியாகவே கொடுத்தால் என்ன என்று சித்தப்பா சொல்கிறார்.

ராஜாமணி சித்தப்பா: 81 வயதில் ஒரு வாய் காபிக்கு இவ்வளவு யோசனையா?

மீனா: நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் மாமா. ஸ்பீச் தெரபிஸ்ட் புதன்கிழமை வருகிறார், அவர் முன்னாலேயே ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கட்டும். அதுவரை கடிதத்தில் காபி என்ற வரியைக் காலியாக விடுங்கள்.