‘உமிழ்வுக் காரணி’க்கு வேறு சொல் வேண்டும்

மாலா, தண்டையார்பேட்டை:

எங்கள் குடியிருப்புக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். இ.பி. அட்டையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு என்று அவரவர் வீட்டுக்கு அவரவரே கணக்குப் போட வேண்டும். யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்ற எண்ணுக்கு ‘உமிழ்வுக் காரணி’ என்று எழுதியிருந்தேன். கீழ்வீட்டு அம்மா படித்துவிட்டு, “காரணி யாருன்னு தெரியாதா? அத்திப்பட்டு அனல்மின் நிலையம் புகை விடுதே, அதான்” என்றார். அவர் படித்தது சரிதான், என் சொல்தான் சரியில்லை. வேறு என்ன போடலாம்?

பாத்திமா, ராயபுரம்:

‘கரிக்கெழு’ எப்படி? குணகத்துக்குக் கெழு என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சின்னச் சொல்.

ராஜேந்திரன், பெரம்பூர்:

சின்னதுதான், ஆனால் கணக்கைக் கெடுக்கும். நாம் எடை போடுவது கரியமில வாயுவை. அதில் 44 பங்குக்கு 12 பங்குதான் கரி. 0.72 கிலோ வாயுவில் கரி 0.2 கிலோகூட இருக்காது. கரி என்று பெயர் வைத்தால் யாராவது ஒருவர் நிச்சயம் 0.2-ஐப் போட்டுப் பெருக்குவார். மின்துறையில் இருந்தவன், இதைப் பார்த்திருக்கிறேன்.

பாலாஜி, எண்ணூர்:

அந்த 0.72 எங்கிருந்து வந்தது சார்? எங்களுக்குக் கரண்ட் பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. நிலக்கரி யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கும். வடசென்னைக்கு அதைத்தான் போட வேண்டும்.

ராஜேந்திரன்:

நிலக்கரிக்கு நீங்கள் சொன்னது சரி. சாம்பலும் புகையும் உங்கள் ஊரில் விழுகிறது, அதுவும் சரி. ஆனால் கரண்டுக்குப் பக்கத்து வீடு தெரியாது தம்பி. அத்திப்பட்டு, நெய்வேலி, கல்பாக்கம், காற்றாலை எல்லாம் ஒரே மின்தொகுப்பில் கலந்துதான் உங்கள் மீட்டருக்கு வருகிறது. அதனால் மத்திய மின்சார ஆணையம் நாடு முழுமைக்கும் ஒரு சராசரி வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 0.72-ஐ ஒட்டி இருக்கிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும், அறிக்கையில் எந்த ஆண்டின் எண் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

மூர்த்தி, திருவொற்றியூர்:

என் வீட்டில் ஏசி கிடையாது. சிலிண்டர் 45 நாள் வருகிறது. எனக்கு எவ்வளவு?

ராஜேந்திரன்:

கேட்டது அதுவல்ல, ஆனாலும் நல்ல சோதனை. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு. 14.2 கிலோ சிலிண்டருக்கு 43 கிலோ சுமார். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் 340 கிலோ. இங்கே அலகு கிலோ, அங்கே யூனிட். நாம் வைக்கும் சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் இல்லையா? ‘அலகு உமிழ்வு’ என்பேன்.

மாலா:

பொருந்துகிறது. என் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பில்: 310, 420, 560, 480, 340, 290. மொத்தம் 2400 யூனிட். 0.72-ஆல் பெருக்கினால் 1728. ஆணையத்தின் அட்டவணையில் ‘டன்’ என்று இருந்ததால் 1728 டன் என்றே எழுதிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சரக்கு ரயிலில் ஒரு வேகனுக்கு 60 டன் என்றால் என் ஒரு வீட்டுக்கு 29 வேகன்!

ராஜேந்திரன்:

அட்டவணையில் இருப்பது மெகாவாட்மணிக்கு இத்தனை டன். யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்றாலும் அதே எண்தான் வரும், மேலும் கீழும் ஆயிரத்தால் வகுபடுவதால். எண் ஒன்றாக இருப்பதுதான் பொறி. யூனிட்டால் பெருக்கினால் கிடைப்பது கிலோ. கடைசியில் ஒரே ஒரு முறை ஆயிரத்தால் வகுங்கள்: 1.73 டன். இன்னொன்று, பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. வெயில்கால 560-ஐ மாத பில் என்று நினைத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 4.8 டன் வரும். ஆறு பில்லையும் கூட்டுவதே நல்லது. இலவச 100 யூனிட்டைக் கழிக்காதீர்கள். அதற்குக் காசுதான் கிடையாது, புகை உண்டு.

பாத்திமா:

‘அலகு உமிழ்வு’ எனக்கு முழுத் திருப்தி இல்லை. அலகு என்றதும் என் மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தின் அலகு ஒன்று, அலகு இரண்டுதான் நினைவுக்கு வரும். ‘உமிழ்வு வீதம்’ என்றால்?

ராஜேந்திரன்:

வீதம் என்றால் நேரத்துக்கு இவ்வளவு என்று படிப்பவர் நிறைய. ஆண்டுக்கு இத்தனை டன் என்பதே ஒரு வீதம், இரண்டும் குழம்பிவிடும். எனக்கு வேறொரு இடறல். அந்த 0.72 மின்நிலைய வாசலில் கணக்கிட்டது. கம்பியில் போகும் இழப்பு அதில் இல்லை. பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்தால், மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு 0.80 ஆகிவிடும், மாலாவின் 1.73 டன் 1.92 ஆகும். நிலைய வாசல் எண்ணுக்கும் மீட்டர் எண்ணுக்கும் ஒரே பெயரா, இரண்டா?

பாலாஜி:

அப்போ என் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் சார்.

மாலா:

அச்சகத்துக்கு நாளை கொடுக்க வேண்டும். துண்டறிக்கையில் ‘யூனிட் உமிழ்வு’ என்று போடுகிறேன், கீழ்வீட்டு அம்மாவுக்கு யூனிட் தெரியும். எண் 0.72, இழப்பு சேரவில்லை என்று பக்கத்திலேயே ஒரு வரி. சொற்பட்டியலுக்கு ‘அலகு உமிழ்வு’. ராஜேந்திரன் ஐயா கேட்ட இரண்டாவது பெயர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.