பனையேறித் தாத்தாவின் கலயம்: வசனமில்லாத சிரிப்புக் காட்சி ஏன் சிரிக்க வைக்கவில்லை?

தேரிமணல்

ஒரு நிமிட அனிமேஷன் குறும்படம் செய்கிறேன், வசனம் கிடையாது. பனையேறித் தாத்தா கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். அணில் வந்து பதநீரைக் குடித்துவிடுகிறது. மறுபடி ஏறிப் பார்க்கிறார், கலயம் காலி. மூன்றாவது முறை ஏறும்போது பனம்பழம் தலையில் விழுந்து தாத்தா மயங்குகிறார். இவ்வளவுதான். அனிமேட்டிக்கைத் திசையன்விளையில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் "சரி, அப்புறம்?" என்கிறார்கள். ஏறுவதை வேகமாக்கணுமா? பழத்தைப் பெரிதாக்கணுமா?

உடன்குடிக்காரன்

தம்பி, முதலில் பழத்தைத் தூக்கிப் போடு. பதநீர் இறக்குவது மாசி, பங்குனி, சித்திரை வெயிலில். பழம் விழுவது ஆவணியை ஒட்டி. பாளையைச் சீவிக் கலயம் கட்டின மரத்தில் பழம் எங்கிருந்து வந்தது? எங்க ஊர்ச் சின்னப் பிள்ளை கூட அதைத்தான் கேட்கும்.

நான் சொல்கிற முடிவைப் பார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தாத்தா ஒருநாள் வேண்டுமென்றே சுண்ணாம்பு தடவாமல் கட்டுகிறார். அணில் குடித்துவிட்டுத் தள்ளாடித் தலைகீழாக இறங்குகிறது. மண் வாசனையும் ஆச்சு, சிரிப்பும் ஆச்சு.

பொதிகைச்சாரல்

பழம் பற்றி அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் ஆவணியில் நடக்கிற கதையாக மாற்றினாலும் அது சிரிப்பு வராது. அந்தப் பழம் அதுவரை படத்தில் இல்லை. யாரும் அதைப் பார்க்கவில்லை, அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. தாத்தா செய்த எதனாலும் அது விழவும் இல்லை. பெரிதாக்கினால் பெரிய பழம் விழும், அவ்வளவுதான்.

கள் முடிவில் வேறு சிக்கல். சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துப்போகும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, தாத்தா ஒருநாள் எதையோ தடவ மறந்துவிட்டார் என்றுதான் தெரியும். வசனம் இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இங்கே வெள்ளைக் கலயம் ஒன்று, நுரைத்த கலயம் ஒன்று, அதில் விழுந்து தள்ளாடும் எறும்பு ஒன்று என்று பாடம் நடத்த வேண்டும். ஒரு நிமிடப் படத்தில் பத்து நொடி அதற்கே போய்விடும்.

உடன்குடிக்காரன்

அப்போ வெளியூர்க்காரனுக்காக நம்ம விஷயத்தையெல்லாம் கழற்றிவிடணுமா? தெரிந்தவன் சிரிக்கட்டும். தெரியாதவன் தேடிப் படிக்கட்டும்.

சுரண்டைக்காரன்

என் அனுபவத்தைச் சொல்கிறேன். குற்றாலத்துக் குரங்கு ஒன்று டூரிஸ்ட் கையிலிருந்து அல்வாப் பொட்டலத்தைப் பிடுங்குவது போல ஒரு படம் செய்தேன். லேப்டாப்பில் பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். அரங்கத்தில் போட்டபோது முதல் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த காட்சி ஓடிவிட்டது, பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. சிரிப்புக்குப் பிறகு ஒன்றரை நொடியாவது படத்தை நிறுத்தி வையுங்கள். அப்புறம் இன்னொன்று: மௌனப் படம் என்றால் பின்னணி இசையும் கூடாதா? என் நண்பர் நையாண்டி மேளம் போடலாம் என்கிறார்.

பொதிகைச்சாரல்

இசை போடலாம், பேச்சுத்தான் இல்லை. ஆனால் மேளத்தை அணைத்துப் பார்த்தாலும் காட்சி சிரிக்க வைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அண்ணாச்சி, நம்ம விஷயத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அந்தச் சுண்ணாம்பையே வைத்துக்கொள்வோம். அது வெள்ளையாக இருக்கும், யார் மேல் பட்டாலும் தெரியும். இதற்கு எந்த ஊர்க்காரருக்கும் விளக்கம் தேவையில்லை.

தேரிமணல், அணிலை எடுத்துவிட்டுக் காக்காவை வையுங்கள். அணிலுக்கு முதுகில் ஏற்கெனவே வெள்ளைக் கோடு இருக்கிறது, முழுப் பனையும் தெரியும் ஷாட்டில் அது பொட்டு மாதிரிதான் இருக்கும். கறுப்புக் காக்காவின் அலகு வெள்ளையானால் எவ்வளவு தூரத்திலும் தெரியும். தாத்தா மூச்சிரைக்க ஏறுகிற மரத்துக்கு அது இரண்டு சிறகடிப்பில் போய்விடும், அதுவே பாதிச் சிரிப்பு.

தாத்தாவுக்கு என்ன வேண்டும் என்பதும் உங்கள் படத்தில் இல்லை. கீழே ஆச்சி கருப்பட்டி காய்ச்ச அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருக்கட்டும். தீ எரிகிறது, சட்டி காலி. பதநீர் வந்தே ஆகவேண்டும் என்பதை அந்த ஒரே படம் சொல்லிவிடும்.

இனி முறை முறையாக. முதல் தடவை தாத்தா சுண்ணாம்பைத் தடவுவதையும் முழுதாக ஏறுவதையும் காட்டுங்கள், ஏற்றத்துக்கு மட்டும் எட்டு நொடி கொடுக்கலாம். மரம் எவ்வளவு உயரம் என்று பார்ப்பவரின் காலும் வலிக்க வேண்டும். காக்கா கழுத்துவரை கலயத்துக்குள் விட்டுக் குடித்துவிட்டு வெள்ளை அலகோடு வேலியில் உட்காருகிறது. தாத்தா காலிக் கலயத்தை ஆச்சியிடம் காட்டி, காக்காவைக் காட்டி, தன் வாயைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுகிறார்: யார் வாயில் வெள்ளையோ அவர்தான் திருடர். இந்தச் சட்டத்தை ஆச்சிக்குச் சொல்லிக்கொடுப்பவர் தாத்தாவேதான் என்பது முக்கியம்.

இரண்டாவது தடவை கலயத்தைச் சுற்றி உடைமுள் கட்டுகிறார். காக்கா முள்ளுக்கு நடுவே நிதானமாக அலகை விட்டுக் குடிக்கிறது. முள் குத்துவது கலயத்தை எடுக்கப் போன தாத்தாவைத்தான். இந்த ஏற்றம் மூன்று நொடி போதும். மூன்றாவது தடவை ஏறுவதையே காட்ட வேண்டாம், வெட்டி நேரே உச்சிக்குப் போய்விடலாம். தலைத்துண்டை அவிழ்த்துக் கலயத்தின் வாயை மூடிக் கட்டுகிறார். காக்கா துண்டையே தூக்கிக்கொண்டு போகிறது. கடைசியில் தாத்தா மட்டையில் உட்கார்ந்து, கலயத்தை மடியில் வைத்துத் தானே காவல் காக்கிறார். தலையில் துண்டு இல்லை, மேலே சித்திரை வெயில். தாகம் எடுக்கிறது.

மிச்சம் உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் பழைய வடிவத்தில் ஒரே காரியம் மூன்று முறை நடந்தது. இதில் ஒவ்வொரு காவலும் அடுத்த தொல்லையைக் கொண்டுவருகிறது. துண்டு போகாவிட்டால் வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் தாகம் இல்லை.

தேரிமணல்

அக்கா, தாத்தா வாயில் வெள்ளையோடு இறங்கி ஆச்சி முன்னால் நிற்கிறார்! இது நல்லா இருக்கு. ஆனால் காக்கா, பானை என்றதும் கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். தொந்தரவு இல்லையா?

பொதிகைச்சாரல்

வரட்டும். அது ஜெயிக்கும் என்று முதலிலேயே நம்பிவிடுவார்கள், நமக்கு லாபம். கல்லை மட்டும் சட்டகத்துக்குள் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் அதற்காகவே காத்திருப்பார்கள்.

உடன்குடிக்காரன்

சரி, சுண்ணாம்பைத் திருட்டுக்குச் சாட்சியாக்கியது கெட்டிக்காரத்தனம். கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் என் முடிவை எவனாவது பிடித்துக்கொள்வான் என்பதும் உண்டு. ஆனால் ஒன்று. தாத்தா குடிப்பதைக் காட்டாதீர்கள். தாகத்தில் அவர் முகம், வெட்டு, மரத்திலிருந்து முதுகைக் காட்டி இறங்குகிறார். ஆச்சி முகம் மாறுகிறது. தாத்தா திரும்புகிறார், வாயில் வெள்ளை. அப்போதுதான் 'அட!' என்று இருக்கும்.

பொதிகைச்சாரல்

இதில் ஒத்துப்போக மாட்டேன். குடிப்பதைக் காட்ட வேண்டும், மீசை வெளுப்பதையும் காட்ட வேண்டும். தாத்தாவுக்கு மட்டும் அது தெரியக்கூடாது. அதன் பிறகு அவர் இறங்குவதைப் படத்திலேயே முதல் முறையாக முழுதாகக் காட்டலாம். ஐயோ, இறங்குகிறாரே என்று பார்ப்பவர்கள் அந்த ஆறு நொடியும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் வழியில் ஒரு சிரிப்புத்தான், அதுவும் அரை நொடியில்.

உடன்குடிக்காரன்

முன்னாடியே தெரிந்துவிட்டால் ஆச்சி முகத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

பொதிகைச்சாரல்

ஆச்சி என்ன செய்வாள் என்பது மிச்சம் இருக்கும். தாத்தா வந்து நின்று, கலயத்தைக் கவிழ்த்துக் காட்டி, காக்காவைக் கையால் காட்டுகிறார். ஆச்சி காக்காவைப் பார்க்கிறாள், இவரைப் பார்க்கிறாள், பழைய அதே வட்டத்தைத் தன் வாயைச் சுற்றிப் போடுகிறாள். அங்கே நிறுத்துங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 36 ஃப்ரேமாவது யாரும் அசையக்கூடாது. ஆச்சி ஒரு தடவை கண் சிமிட்டலாம், முற்றிலும் உறைந்தால் படம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள்.

சுரண்டைக்காரன்

அதற்குமேல் ஒன்று: காக்கா தாத்தாவின் துண்டிலேயே அலகைத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொள்கிறது. கறுப்பு அலகோடு அப்பாவி மாதிரி உட்காருகிறது.

பொதிகைச்சாரல்

அதைக் கடைசியில் வைத்தால் ஆச்சியின் சிரிப்பைத் தின்றுவிடும். தாத்தா இறங்கும்போது ஓரமாக நடக்கட்டும். அப்போது ஆச்சி திரும்பிப் பார்க்கையில் காக்காவிடம் சாட்சியே இல்லை. ம், இது பிடித்திருக்கிறது.

தேரிமணல்

இரண்டு வடிவத்தையும் பென்சில் படமாகப் போட்டுக் காட்டிப் பார்க்கிறேன். எதை வைத்துத் தீர்மானிப்பது? சிரிக்கிறார்களா என்பதை மட்டுமா?

பொதிகைச்சாரல்

நண்பர்கள் மரியாதைக்கும் சிரிப்பார்கள். தாத்தா இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். முடிந்ததும், "ஆச்சிக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். இரண்டாவதற்குப் பதில் வரவில்லையென்றால் தவறு முடிவில் இல்லை. தாத்தா விரலால் வட்டம் போட்ட காட்சி சரியாகப் பதியவில்லை, அங்கே போய்த் திருத்துங்கள். பனை தெரியாத ஒருவரிடமும் காட்டுங்கள்.

உடன்குடிக்காரன்

இன்னொரு விஷயம், இது தொழில்காரன் கண்ணுக்குப் படும். பதநீர் இறங்க இறங்கச் சுண்ணாம்பு அடியில் போய்த் தங்கிவிடும். மேலாக ஒரு வாய் குடித்தால் உதட்டில் இவ்வளவு வெள்ளை ஒட்டாது. கலயத்தைக் கவிழ்த்து அடிமண்டியோடு உறிஞ்சினால்தான் மீசை வெளுக்கும்.

பொதிகைச்சாரல்

அண்ணாச்சி, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! காக்காவும் தலையைக் கழுத்துவரை விடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. தாத்தா முதலில் ஒரு மிடறு குடிக்கட்டும், உதடு சுத்தம். கீழே ஆச்சியை எட்டிப் பார்க்கிறார். இன்னொரு மிடறு, இப்போதும் சுத்தம். தப்பித்துவிடுவார் போலத்தான் இருக்கிறது. அப்புறம் கலயத்தை அப்படியே அண்ணாந்து கவிழ்க்கிறார்.

உடன்குடிக்காரன்

அப்படியென்றால் குடிப்பதைக் காட்டத்தான் வேண்டும் போல. ஆனாலும் அந்தக் கடைசிக் கவிழ்ப்பில் முகத்தைக் கலயம் மறைக்கட்டும். வெள்ளை கீழே வந்துதான் தெரியணும், அதில் நான் இறங்கிவரமாட்டேன்.

தேரிமணல்

முகத்தைக் கலயம் மறைக்கிற வடிவத்தை மூன்றாவதாகப் போடுகிறேன் அண்ணாச்சி. இதற்கு நான்கு நொடி கூடுதலாக வேண்டும். முள் கட்டும் இடத்தில் வெட்டவா, முதல் ஏற்றத்தில் வெட்டவா?

பொதிகைச்சாரல்

முள்ளில் வெட்டுங்கள். ஏற்றத்தைத் தொடாதீர்கள்.