கருவி எழுதிக் கொடுத்த மின்னஞ்சல்: எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது?

பட்டர்வொர்த் வாசகி: பினாங்கு தைப்பூசம் பற்றி ஓர் இணையப் பக்கம் நடத்துகிறேன். பயணக் கட்டுரை எழுதும் ஒருவரிடம் என் பக்கத்துக்கு இணைப்புக் கேட்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி இப்படி எழுதித் தந்தது: "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் அருமையான கட்டுரைகளை நெடுநாளாகப் படித்து வருகிறேன். எங்கள் பக்கம் தங்கள் வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும். இணைப்பு வழங்கினால் மகிழ்ச்சி அடைவோம்." உயிரே இல்லை. எப்படித் திருத்துவது?

கொம்தார் நிழல்: பாதியாகக் குறையுங்கள். அவர் பெயரைச் சேருங்கள். ஓரிரண்டு எழுத்துப்பிழை விட்டால் மனிதர் எழுதியதாகவே தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்: குறைப்பது சரி, தம்பி. பிழை விடுவது ஏமாற்று வேலை, அக்கறையின்மையாகவும் தெரியும். ஒவ்வொரு வரியையும் வேறொருவருக்கு அனுப்பினாலும் பொருந்துமா என்று பாருங்கள். இந்த நான்கு வரிகளும் யாருக்கும் பொருந்தும். சொல்லை மாற்றிப் பயனில்லை, உள்ளே சரக்கு வேண்டும். அம்மா, அவர் கட்டுரையில் உங்கள் கண்ணில் பட்டது என்ன?

பட்டர்வொர்த் வாசகி: நான் படித்தது அந்த ஒரு கட்டுரைதான் ஐயா. அதில் வெள்ளி ரதம் மட்டுமே இருக்கிறது. 2017 முதல் தங்க ரதமும் போகிறது, புறப்படும் இடமும் வேறு. படித்துவிட்டு வருகிறவர் தவறான தெருவில் காத்து நிற்பார். என் பக்கத்தில் இரண்டு பாதைகளுக்கும் வரைபடம் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்: நீங்கள் எழுதுவதற்கான காரணமே அதுதான். வரைவில் அது ஓரிடத்திலும் இல்லை, கருவியிடம் நீங்கள் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். "நெடுநாளாக" என்பது பொய், முதலில் அதை எடுங்கள். பிறகு இப்படி எழுதலாம்:

"வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் தைப்பூசக் கட்டுரையில் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் மட்டும் இருக்கிறது. 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகிறது. இரண்டு பாதைகளையும் வரைந்து வைத்திருக்கிறேன். பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்."

தலைப்பில் "ஒத்துழைப்பு வேண்டுகோள்" வேண்டாம். "உங்கள் கட்டுரையில் தங்க ரதம்" என்று போடுங்கள்.

செந்தூல் சமையல்: நான் அலுவலகங்களுக்கு மதிய உணவு கொடுக்கிறேன். கருவி எழுதிய ஒரே கடிதத்தை 40 இடங்களுக்கு அனுப்பினேன், 3 ஆர்டர் வந்தது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்: உங்களிடம் அவர்கள் பார்ப்பது விலைப்பட்டியலை, அக்கா. அதற்கு அது போதும். இங்கே முன்பின் தெரியாத ஒருவரிடம், அவர் எழுதியதைத் திருத்தச் சொல்கிறோம்.

கொம்தார் நிழல்: அதனால்தான் கேட்கிறேன். எடுத்த எடுப்பிலேயே குறை சொன்னால் அவருக்குக் கோபம் வராதா? இணைப்பு வேண்டும் என்ற வரியையும் எடுத்துவிட்டீர்கள். அதை மறைப்பதும் ஏமாற்றுத்தானே?

பிரிக்பீல்ட்ஸ் பழையவர்: கோபம் வரலாம், மறுக்கவில்லை. ஆனாலும் பாராட்டில் தொடங்கினால் மூன்றாவது வரிக்கு முன்பே மூடிவிடுவார். இணைப்பை இரண்டாம் மடலில் கேட்பதே என் வழக்கம்.

பட்டர்வொர்த் வாசகி: அந்த ஒன்றில் தம்பி பக்கம் நிற்கிறேன், ஐயா. "இணைப்பும் கொடுத்தால் உதவியாக இருக்கும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தே இன்று இரவு அனுப்புகிறேன்.