ஒலியில் படம் சொல்லும்போது எங்கே சறுக்குகிறது? உங்கள் அனுபவங்கள்

மாடப்புறா
வான்கோவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ (1885) ஓவியத்தை ஒரு பாட்காஸ்டில் வருணித்தார்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேர். இடமிருந்து வலமாகத் தொப்பி, உடை, கை என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். பிறகு பார்வையற்ற நேயர் ஒருவர் கேட்டார்: “நடுவில் இருக்கிற சிறுமி யாரைப் பார்க்கிறாள்?” அவள் முகமே படத்தில் இல்லை, நமக்கு முதுகு காட்டி இருக்கிறாள். ‘நடுவில் ஒரு சிறுமி’ என்று மட்டும் சொன்னதன் விளைவு.

ஒலிச்சுவடி
ஐந்து ஆட்களை வரிசையாகச் சொன்னால் மூன்றாமவரிலேயே நேயர் தடுமாறுவார். முதலில் சட்டகம்: தைல வண்ணம், 114 செ.மீ. அகலம், 82 உயரம். அடுத்து வெளிச்சம்: இருண்ட அறை, மேசைக்கு மேலே தொங்கும் ஒரே விளக்கு. அப்புறம்தான் ஆட்கள், அதுவும் ஒன்று, இரண்டு, இரண்டு என்று பிரித்து. நமக்கு மிக அருகில் இருக்கும் சிறுமியில் தொடங்குங்கள். அவளுக்கு முன்னால் எழும் ஆவியில் அவள் உருவம் கருப்பாகத் தெரிகிறது. அவளுக்கு இடப்பக்கம் இளைஞனும் ஒரு பெண்ணும். தட்டை நோக்கிக் கைகள் நீள்கின்றன, அவள் அவனைப் பார்க்கிறாள். வலப்பக்கம் முதியவர் கோப்பையை நீட்டுகிறார், முதியவள் காப்பி ஊற்றுகிறாள். இடம், வலம் எல்லாம் பார்ப்பவர் பக்கத்திலிருந்து என்பதைத் தொடக்கத்திலேயே ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

நேர்கோடு
கண்டதை மட்டும் சொல்லணும். ‘சோகம்’ மாதிரி சொல் வரவே கூடாது. நிறமும் வேண்டாம், பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு அது எதற்கு?

ஒலிச்சுவடி
@நேர்கோடு சோகம் என்பதற்குப் பதில் கண்ணும் வாயும் எப்படி இருக்கின்றன என்று சொல்வது நல்லதுதான். நிறத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலர் ஒரு காலத்தில் நிறம் பார்த்தவர்கள், பலருக்கு இப்போதும் கொஞ்சம் தெரியும். தவிர, தோலுரிக்காத, மண் படிந்த உருளைக்கிழங்கின் நிறத்தைத்தான் அந்த முகங்களுக்குக் கொடுத்ததாக வான்கோவே தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். அதை விட்டால் ஓவியத்தில் பாதி போச்சு.

செல்வி_கே
கோயில் திருவிழாப் படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் எத்தனை எழுத்து வரை போடலாம்?

பழைய ரேடியோ
செல்வி, அது வேறு விஷயம்மா. அதைத் திரைவாசிப்பான் படிக்கும், ஓரிரு வாக்கியம் போதும். இங்கே பேசுவது குரலுக்கு. யாரும் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன்: படத்தைப் பார்க்காத ஒருவரிடம் ஐந்து காசுகளைக் கொடுத்து, வருணிப்பைக் கேட்டபடி ஓவியத்தில் இருக்கும் ஆளுக்கு ஒன்றாக, அவரவர் இடத்தில் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். காசு தவறான இடத்தில் விழுந்தால் அதற்குரிய வாக்கியத்தை மாற்றுங்கள், குரலை அல்ல. பின்னணி இசையை எடுத்துவிடுங்கள், அது சொற்களின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடும். ஆட்களின் ஒவ்வொரு குழுவையும் சொன்ன பிறகு ஒரு மூச்சு விடுங்கள். வானொலி நேயரால் பின்னால் ஓட்டிக் கேட்க முடியாது என்பதால் ‘முதுகு காட்டி இருக்கும் அந்தச் சிறுமி’ என்று மறுபடி சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேர்கோடு
பாட்காஸ்டில் ஓட்டிக் கேட்கலாமே, அங்கே எதற்கு மறுபடி?

மாடப்புறா
பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பவர் எங்கே ஓட்டுவார்! அது இருக்கட்டும், இடப்பக்கச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதைச் சொல்வீர்களா, விடுவீர்களா?