2:3 என்றால் 12க்கு 18 தானே? விடை 63 என்கிறார்கள்

கோண்டாவில் அம்மா
மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். ரியூஷனில் தந்த ஒரு கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் மாட்டுப்பட்டு நிற்கிறோம். முக்கோணி ABC. AB இல் D, AC இல் E. DE, BCக்குச் சமாந்தரம். AD:DB = 2:3. ADEயின் பரப்பளவு 12 சதுர சென்ரிமீற்றர். DBCE என்ற சரிவகத்தின் பரப்பளவு என்ன?

இரண்டு பங்குக்கு 12 என்றால் மூன்று பங்குக்கு 18 என்று எழுதினாள். நானும் பார்த்துச் சரி என்றுதான் சொன்னேன். கொப்பி வந்தது, 18 மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் 63. எப்படி?

சுன்னாகம் கண்ணன்
அக்கா, பரப்பளவு என்றால் வர்க்கிக்க வேண்டும். 2:3 ஐ வர்க்கித்தால் 4:9. 12ஐ 4 ஆல் பிரித்து 9 ஆல் பெருக்கினால் 27. அந்த 63 கைப்பிழையாக இருக்கும்.

பழைய கணக்கு வாத்தியார்
தம்பி, வர்க்கித்தது சரி. எதை வர்க்கித்தீர் என்பதில்தான் வழுக்கிவிட்டீர். ADEக்கு இயல்பொத்த முக்கோணி ABC. அதன் பக்கம் AB, DB இல்லை. ஆகவே 2:3 இல்லை, 2:5. வர்க்கித்தால் 4:25. முழு முக்கோணி 75, அதில் 12 போக 63.

படத்தை அளவாகக் கீறியிருந்தால் கண்ணே காட்டிக்கொடுத்திருக்கும். மேலே உள்ள சின்ன முக்கோணியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கீழே கிடக்கிறது. 18 என்றால் ஒன்றரை மடங்குதானே.

ஆனால் பிள்ளையின் 18ஐ வெட்டி எறிய வேண்டாம் அம்மா. Bயையும் Eயையும் ஒரு கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். ADE, DBE இரண்டுக்கும் உச்சி E, அடிகள் AD, DB ஒரே கோட்டில். செங்குத்துயரம் ஒன்றே, அடி மட்டும் மாறுகிறது. அங்கே 2:3 நேரடியாகச் செல்லும். DBE = 18. அவள் கண்டுபிடித்தது அந்தத் துண்டை.

இப்போது ABE முழுதாக 30, அதாவது 12ஐப் போல இரண்டரை மடங்கு. அடுத்து AE:ECயும் 2:3 தான். இம்முறை உச்சி B. ABE 30 என்றால் BEC 45. மொத்தம் 75, அதாவது 30ஐப் போல மறுபடியும் இரண்டரை மடங்கு. வர்க்கம் வருவது இப்படித்தான்: ஒரு பக்கம் நீண்டதற்கு ஒரு தடவை, மற்றப் பக்கம் நீண்டதற்கு இன்னொரு தடவை. பிள்ளை முதல் தடவையோடு நின்றுவிட்டாள்.

வேலிக்காரன்
இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். உறுதியில் எங்கள் காணி 2 பரப்பு. பிளானில் அளவிடை 1:500. அளந்து பார்த்தால் 10 சதுர சென்ரிமீற்றர்தான் வருகிறது. 500ஐ வர்க்கித்துப் பெருக்கினால் 250 சதுர மீற்றர், ஒரு பரப்புக்குக் கிட்ட. பக்கத்து வீட்டுக்காரர் வேலியை அரக்கிவிட்டாரோ?

கொப்பிக் கடை
அண்ணை, கையில் இருப்பது மூலப் பிளானா, போட்டோக்கொப்பியா?

வேலிக்காரன்
கொப்பி. ஏ3 தாளை ஏ4 இல் எடுத்தது, 71 வீதமாம். அதையும் கணக்கில் எடுத்தேன். 0.71 ஆல் பிரித்தும் 1.4 பரப்புத்தான் வருகிறது. மிச்சம் எங்கே?

கொப்பிக் கடை
அது நீளத்துக்கான 71 வீதம் அண்ணை. அகலமும் அப்படியே சுருங்கும். 0.71ஐ 0.71 ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய பாதி. ஏ4 தாள் ஏ3யின் பாதிதானே. ஆகவே ஒரு பரப்பு இல்லை, இரண்டு. கொப்பி சுருங்கும்போது 1:500 என்ற எழுத்தும் சேர்ந்து சுருங்கும், ஆனால் எண் மாறாது. மூலப் பிளானை வைத்து அளக்காமல் வேலியடிக்குப் போகாதீர்கள்.

வேலிக்காரன்
மூலப் பிளான் கனடாவில் தமையனிடம். கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் அந்த வேலியில் சந்தேகம்தான்.

கோண்டாவில் அம்மா
வாத்தியார் ஐயா, B-E கோடு போட்டதும் மகளுக்கு விளங்கிவிட்டது. 18க்கு ஒரு புள்ளியாவது தந்திருக்கலாம் என்று சண்டைக்கு நிற்கிறாள்.

பழைய கணக்கு வாத்தியார்
கேட்டது சரிவகம். நானென்றால் தந்திருக்க மாட்டேன்.

சுன்னாகம் கண்ணன்
ஐயா, என்னுடைய 27உம் படத்துக்குள் இருக்கிறது! D இலிருந்து ACக்குச் சமாந்தரமாகக் கீறினால் BCயை F இல் வெட்டும். DBF, ADEக்கு இயல்பொத்தது, பக்கங்கள் 3:2. அதுதான் 27. மிச்சம் DFCE இணைகரம் 36. கூட்டினால் 63.