மளிகை லிஸ்ட்டில் நான் டிக் அடிப்பது வீட்டுக்காரர் போனில் தெரியவில்லை, அவசரம்

வளர்மதி_தாம்பரம் · சனி, இரவு 8:40
யாராவது உதவுங்கள். மளிகை லிஸ்ட்டை நோட்ஸ் ஆப்பில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் ஷேர் செய்திருக்கிறேன். நான் டிக் அடித்தால் வீட்டுக்காரர் போனில் டிக் ஆவதே இல்லை. இன்று சாயங்காலம் நான் துவரம் பருப்பு 2 கிலோ வாங்கினேன், அவரும் ஆபீசிலிருந்து வரும்போது 2 கிலோ வாங்கி வந்துவிட்டார். போன மாதம் எண்ணெயும் இப்படித்தான். இன்னொன்று, நான் டிக் அடித்து வைத்த சில சாமான்கள் மறுநாள் டிக் இல்லாமல் மேலே வந்து நிற்கின்றன. நாளைக் காலை மாதச் சாமான் வாங்கப் போக வேண்டும்.

செந்தில்_கோவை · 8:52
எந்த ஆப்? எல்லோருக்கும் ஆண்ட்ராய்டா, ஐபோனா? "ஷேர் செய்தேன்" என்றால் எந்த பட்டனை அழுத்தினீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

பிரபு_திருச்சி · 8:55
இது பேட்டரி சேவர் வேலை. சந்தேகமே வேண்டாம். அவர் போனில் அந்த ஆப்புக்குப் பின்னணி டேட்டா நின்றிருக்கும். செட்டிங்ஸில் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

ஜெயந்தி_பெங்களூரு · 9:03
எங்கள் வீட்டிலும் இதே கதை. ஐபோன் Notes ஆப்பில் லிஸ்ட்டை On My iPhone என்ற இடத்தில் எழுதி வைத்திருந்தேன். அங்கே இருக்கும் நோட்டைச் சேர்ந்து திருத்த முடியாது. iCloud பகுதிக்கு நகர்த்திய பிறகுதான் என் மகளைச் சேர்க்க முடிந்தது. நீங்களும் அதைப் பாருங்கள்.

கணேசன்_மயிலாப்பூர் · 9:10
ஆப் பெயர்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படியம்மா? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. பகிர்வது வேறு, அனுப்புவது வேறு என்று இங்கே பல தடவை எழுதியாகிவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

வளர்மதி_தாம்பரம் · 9:21
மன்னிக்கவும், சமையலுக்கு நடுவில் எழுதினேன். கூகுள் கீப். எல்லோருக்கும் ஆண்ட்ராய்டு. அத்தை போனில் நானே உட்கார்ந்து Collaborator வழியாகச் சேர்த்தேன். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் அதை எடுத்துக் கீப்பில் போட்டுக்கொண்டார்.

செந்தில்_கோவை · 9:34
அதுதான் காரணம். Send வழியாக வாட்ஸ்அப்புக்குப் போனது வெறும் எழுத்து. அவர் அதைக் கீப்பில் ஒட்டியதும் அவருக்கென்று தனி லிஸ்ட் உருவாகிவிட்டது. அன்றிலிருந்து உங்கள் வீட்டில் இரண்டு லிஸ்ட் ஓடுகிறது. ஒன்றை ஒன்று பார்க்காது. அவர் எத்தனை முறை ஆப்பைத் திறந்து மூடினாலும் உங்கள் டிக் அங்கே வராது.

உறுதி செய்துகொள்ள, அவர் போனில் லிஸ்ட்டைத் திறந்து சாமான்களுக்குக் கீழே பாருங்கள். பகிர்ந்த நோட்டாக இருந்தால் சேர்ந்தவர்களின் படமோ பெயரின் முதல் எழுத்தோ சின்ன வட்டமாக இருக்கும். வட்டம் இல்லையென்றால் அது தனி நகல்.

சரி செய்ய: உங்கள் போனில் மூல லிஸ்ட்டைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Collaborator போய், அவருடைய ஜிமெயிலைக் கொடுத்து Save செய்யுங்கள். அவர் போனில் இரண்டு கணக்கு இருந்தால், கீப்பின் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு எந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆபீஸ் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சொந்த ஜிமெயிலுக்கு வந்த லிஸ்ட்டைத் தேடினால் கிடைக்காது.

அவருடைய நகலை உடனே அழித்துவிடாதீர்கள். அதில் அவர் மட்டும் சேர்த்த சாமான் இருக்கலாம். அதை மூல லிஸ்ட்டில் ஏற்றிய பிறகு நகலை எடுத்துவிடுங்கள். மூல லிஸ்ட்டைத் தொடும்போது மட்டும் கவனம். அது உங்களுடையது, நீங்கள் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். தவறி அழித்தால் Trash-இல் 7 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுவிடலாம்.

பிரபு_திருச்சி · 9:41
இவ்வளவு எதற்கு? உங்கள் ஜிமெயிலையே எல்லாப் போனிலும் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் 2 வருடமாக அப்படித்தான்.

செந்தில்_கோவை · 9:48
ஓடும், மறுக்கவில்லை. ஆனால் வளர்மதியின் மெயில், போட்டோ, மற்ற நோட் எல்லாம் எல்லோர் கைக்கும் போகும். பருப்பு லிஸ்ட்டுக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன பேட்டரி விஷயமும் முழுத் தவறில்லை. பகிர்ந்த லிஸ்ட்டாகவே இருந்தாலும் மாற்றம் வந்து சேரத் தாமதமாகலாம். கடையின் அடித்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் நாம் அடிக்கும் டிக் போனிலேயே தங்கி, வெளியே வந்த பிறகுதான் போகும். அதனால் உள்ளே நுழையும் முன் லிஸ்ட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஜெயந்தி_பெங்களூரு · 9:55
அந்த இரண்டாவது விஷயம், டிக் தானாகப் போவது? எனக்கென்னவோ அது ஆப் செய்வதாகத் தெரியவில்லை. அத்தையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் மாமியார் வேண்டிய சாமானுக்கு டிக் அடிப்பார், நான் வாங்கிய சாமானுக்கு அடிப்பேன். ஒரு மாதம் முழுக்கக் குழப்பம்.

செந்தில்_கோவை · 10:02
நல்ல யோசனை. யார் டிக்கை எடுத்தார்கள் என்று கீப் காட்டாது, அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கணேசன்_மயிலாப்பூர் · 10:08
மாதக் கடைசியில் டிக் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் இந்தத் தகராறே வராது. Delete checked items என்று ஒரே தொடுதல்.

செந்தில்_கோவை · 10:15
ஐயா, மாதம் 40 சாமானை மறுபடி யார் தட்டச்சு செய்வது? டிக் அடித்தவை கீழே தங்கட்டும். வீட்டில் தீர்ந்ததும் அந்த டிக்கை எடுத்தால் சாமான் மேலே வந்துவிடும். அளவையும் அதே வரியில் எழுதிவிட்டால் போதும்.

கணேசன்_மயிலாப்பூர் · 10:19
அளவு மாதாமாதம் மாறும். பழைய அளவைப் பார்த்துத்தான் ஆட்கள் 2 கிலோவாக வாங்கி வருகிறார்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

பிரபு_திருச்சி · 10:24
அது இருக்கட்டும், 4 கிலோ துவரம் பருப்பை என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த ஈரத்தில் வண்டு வந்துவிடும். காய்ந்த மிளகாய் நாலு போட்டு வையுங்கள்.

ஜெயந்தி_பெங்களூரு · 10:30
மிளகாயை நம்பாதீர்கள். நல்ல வெயிலில் காய வைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூடோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.

பிரபு_திருச்சி · 10:33
எங்கள் அம்மா 30 வருடமாக மிளகாய்தான் போடுகிறார். ஒரு வண்டு வந்ததில்லை.

ஜெயந்தி_பெங்களூரு · 10:37
அவர் வெயிலிலும் வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

வளர்மதி_தாம்பரம் · ஞாயிறு, பகல் 1:15
செந்தில் சார் சொன்னதுதான். அவர் லிஸ்ட்டில் வட்டம் இல்லை, திறந்திருந்ததும் ஆபீஸ் கணக்கு. சொந்த ஜிமெயிலுக்கு மாற்றிச் சேர்த்தேன். சேமியாவுக்கு நான் டிக் அடித்தேன், சில நொடியில் அவர் போனிலும் கீழே போனது. அவர் நகலில் மட்டும் ஷேவிங் பிளேடும் பெருங்காயமும் இருந்தன, ஏற்றிவிட்டேன்.

ஜெயந்தி அக்கா, அத்தையிடம் கேட்டேன். டப்பா காலியானால் டிக்கை எடுத்துவிடுவாராம். உப்பு, சீரகம் அப்படித்தான் மேலே வந்திருக்கின்றன. ஆனால் நெய்யை யாரும் தொடவில்லை என்கிறார்கள், அதுவும் மேலே வந்திருந்தது. அதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை. கடைக்குக் கிளம்புகிறேன், நன்றி.

செந்தில்_கோவை · 1:40
நெய் எந்தப் போனில் எப்போது மாறியது என்று நினைவிருக்கிறதா?